ஃபாரடேயின் கருங்கட்டியும் கிறிஸ்டியின் பாலமும்

காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இன்று எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. கொரோனா வந்த வருடம் அதன் பக்கத்தில் விரலைக் கவ்வும் ஆக்ஸிமீட்டரும் வந்து உட்கார்ந்தது. முதலாவதன் நுனியில் இருப்பது கடுகளவு தெர்மிஸ்டர். இரண்டாவதன் உள்ளே இருப்பது ஒரு போட்டோடயோடு. ஒன்று சூட்டுக்குத் தன் மின்தடையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். மற்றது வெளிச்சத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் தரும். இந்தக் 'கொஞ்சம்' என்பதை மீட்டரில் படிக்கக்கூடிய வோல்டேஜாக மாற்றுவதற்கு மனிதர்கள் பட்ட பாடு கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டுக் கதை. கருவிப் பிரிவிலேயே காலத்தை ஓட்டியவன் என்பதால் அந்தக் கதையில் எனக்கு ருசி அதிகம். பொறுமையுள்ளவர்கள் கூட வாருங்கள்.

கதை 1833இல் லண்டனில் ஆரம்பிக்கிறது. மைக்கேல் ஃபாரடே எந்தெந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்தும், எது கடத்தாது என்று வரிசையாகச் சோதித்துக்கொண்டிருந்தார். வெள்ளிச் சாமான் நாள்பட்டால் கறுக்குமே, அந்தக் கறுப்புதான் சில்வர் சல்பைடு. அதில் ஒரு கட்டியை மின்சுற்றில் வைத்து விளக்குச் சுடரில் காட்டினார். உலோகங்கள் சூடானால் மின்தடை கூடும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். இந்தக் கருங்கட்டியோ நேர்மாறாக நடந்தது. சூடு ஏற ஏற மின்சாரம் தாராளமாகப் பாய்ந்தது. ஆறவிட்டால் மறுபடி அடைத்துக்கொண்டது. ஃபாரடே இதை விசித்திரமாகக் குறித்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நாம் இன்று தெர்மிஸ்டர் என்று சொல்வதன் குணம் எழுத்தில் பதிவானது அப்போதுதான்.

அதே 1833இல், அதே ஊரில், சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி என்ற கணித ஆசிரியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெவ்வேறு உலோகங்களின் கடத்தும் திறனை ஒப்பிட அவர் ஒரு சுற்று அமைத்திருந்தார். மின்சாரம் இரண்டு பாதையாகப் பிரிந்து போய் மறுபடி சேரும். ஒவ்வொரு பாதையிலும் இரண்டு இரண்டு கம்பிகள். இரு பாதைகளின் நடுப்புள்ளிகளையும் ஒரு கால்வனோமீட்டர் இணைக்கும். இரண்டு பக்கமும் விகிதம் ஒத்துப்போனால் முள் அசையாது. ஒரு கம்பி இம்மியளவு மாறினாலும் முள் சாயும். பத்து வருடம் கழித்து 1843இல் சார்லஸ் வீட்ஸ்டன் இதை எடுத்து விளக்கினார். அவர் கிறிஸ்டியின் பெயரைச் சொல்லித்தான் விளக்கினார். ஆனாலும் உலகம் அதற்கு 'வீட்ஸ்டன் பாலம்' என்றே பெயர் வைத்தது. பெயர் யாருக்குப் போய்ச் சேரும் என்பதில் நியாயம் எப்போதும் இருப்பதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கிறிஸ்டி வேலை பார்த்தது வூல்விச்சில் இருந்த ராணுவப் பயிற்சிக் கழகத்தில். ஃபாரடேயும் அந்தக் காலத்தில் அதே கழகத்துக்கு வேதியியல் பாடம் நடத்தப் போய் வந்துகொண்டிருந்தார். ஒருவரிடம் சூட்டுக்கு மாறும் தடை. மற்றவரிடம் தடையின் சிறு மாற்றத்தைப் பிடிக்கும் சுற்று. அந்த இரண்டும் ஒரே கருவியில் சேர இன்னும் நூறு வருடம் ஆயிற்று.

ஏன் இவ்வளவு தாமதம்? குறை பாலத்தில் இல்லை, கட்டியில் இருந்தது. சில்வர் சல்பைடு ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் ஒத்துப்போகாது. ஒரு தடவை சூடாக்கி ஆறவைத்தால் பழைய தடைக்கே திரும்பும் என்ற உத்தரவாதம் கிடையாது. கம்பியும் கட்டியும் தொடும் இடமே தனியாக ஒரு தடையாகிவிடும். அளவுகோல் தானே நீண்டு சுருங்கினால் துணி அளப்பது எப்படி?

அதனால் இடைக்காலத்தில் பாலத்துக்குள் போனவை உலோகங்கள்தான். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் அருகே அலெகெனி வானாய்வகத்தில் இருந்த சாமுவேல் லாங்லி, சூரிய ஒளியின் வெப்பத்தை நிறம் நிறமாகப் பிரித்து அளக்க 1880 வாக்கில் 'போலோமீட்டர்' என்ற கருவியைச் செய்தார். கரி பூசிய மெல்லிய உலோகத் தகடுகள் இரண்டு. ஒன்று ஒளி படும்படி இருக்கும், மற்றது நிழலில். இரண்டும் பாலத்தின் இரு கைகள். ஆய்வறையின் சூடு ஏறினால் இரண்டு தகடும் சேர்ந்தே மாறும், அதனால் பாலம் சாயாது. ஒளியால் வந்த வித்தியாசம் மட்டுமே முள்ளை அசைக்கும். வேண்டாததை இன்னொரு தகட்டின் மேல் ஏற்றிக் கழித்துவிடும் இந்தத் தந்திரத்தை ஞாபகம் வையுங்கள். கதையின் கடைசி வரை அது நம்மோடு வரும்.

தெர்மிஸ்டர் உண்மையாகவே பயனுக்கு வந்தது 1930களிலும் 40களிலும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்கு ஒரு தொல்லை இருந்தது. நெடுந்தொலைவு தொலைபேசிக் கம்பிகள் வெயிலில் ஒருவிதமாகவும் குளிரில் ஒருவிதமாகவும் ஒலியை விழுங்கின. அதைத் தானே சரிக்கட்டும் உறுப்பு ஒன்று தேவைப்பட்டது. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் ஆகியவற்றின் ஆக்சைடு பொடிகளைக் கலந்து, குயவர் சூளையில் மண்பாண்டம் வேகிற மாதிரி ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டெடுத்தார்கள். இரண்டு பிளாட்டினக் கம்பிகளுக்கு நடுவே ஒரு துளி கலவையை வைத்துச் சுட்டு, மேலே கண்ணாடி பூசினால் மணி தயார். ஒரு மணி போலவே அடுத்த மணி. இன்று இருந்த தடையே அதே சூட்டில் நாளையும். 1946இல் பெக்கர், கிரீன், பியர்சன் மூவரும் எழுதிய கட்டுரை இதையெல்லாம் விவரமாகச் சொன்னது. நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த பாலத்துக்குத் தகுந்த கட்டி கிடைத்தது.

இனி ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற '10 கே' தெர்மிஸ்டரை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரி செல்சியஸில் அதன் தடை 10,000 ஓம். அதன் குணத்தைச் சொல்லும் 'பீட்டா' என்ற எண் 3950 என்று வைத்தால், உடம்புச் சூடான 37 டிகிரியில் தடை ஏறத்தாழ 5,990 ஓம். 38 டிகிரியில் 5,750 ஓம். ஒரு டிகிரிக்கு 240 ஓம், அதாவது நூற்றுக்கு நான்கு. பிளாட்டினக் கம்பியாக இருந்தால் நூற்றுக்கு அரை கூட இராது. தெர்மிஸ்டரின் பெருமை இதுதான்.

இந்தத் தடையை வோல்டேஜாக்க எளிய வழி, 6,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தெர்மிஸ்டரோடு வரிசையாகக் கோத்து, இரண்டுக்கும் சேர்த்து 3 வோல்ட் கொடுப்பது. தெர்மிஸ்டரின் மேல் நிற்கும் வோல்டேஜ் 37 டிகிரியில் 1.499 ஆகவும் 38 டிகிரியில் 1.468 ஆகவும் இருக்கும். டிகிரிக்கு 31 மில்லிவோல்ட். பத்தில் ஒரு டிகிரி பார்க்க வேண்டுமானால், ஒன்றரை வோல்ட்டின் மேல் 3 மில்லிவோல்ட் அசைவைக் கண்டுபிடிக்க வேண்டும். கோபுரத்தின் மேல் உட்கார்ந்த குருவியின் உயரத்தை, கோபுரத்தோடு சேர்த்து அளந்து கழித்துக் கண்டுபிடிக்கிற மாதிரி. போதாததற்கு பேட்டரி கொஞ்சம் தளர்ந்தால் கோபுரமே இறங்கிவிடும்; நோயாளிக்குக் காய்ச்சல் ஏறியதாகக் கருவி சொல்லும்.

அங்கேதான் கிறிஸ்டியின் பாலம் கைகொடுக்கிறது. பக்கத்தில் இரண்டு 6,000 ஓம் ரெசிஸ்டர்களை வரிசையாகக் கோத்து அதே 3 வோல்ட்டைக் கொடுங்கள். அதன் நடுவில் எப்போதும் சரிபாதியான 1.5 வோல்ட் இருக்கும். இரண்டு நடுப்புள்ளிகளுக்கும் இடையே அளந்தால் 37 டிகிரியில் ஏறத்தாழ பூஜ்யம், 38இல் 32 மில்லிவோல்ட். கோபுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் நின்று குருவியைப் பார்க்கிறோம். பேட்டரி தளர்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும். பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும்.

6,000 ஓம் என்று எதற்குத் தேர்ந்தேன் என்றால், அளக்கப்போகும் இடத்தில் தெர்மிஸ்டரின் தடைக்குச் சமமான ரெசிஸ்டர் போட்டால்தான் டிகிரிக்கு அதிகபட்ச மில்லிவோல்ட் கிடைக்கும். அதைவிடக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் மில்லிவோல்ட் சிறிது குறையும், ஆனால் தெர்மிஸ்டரின் வளைந்த குணம் நேர்கோட்டுக்கு இன்னும் அருகில் வரும். எது முக்கியம் என்பது வேலையைப் பொறுத்தது.

3 வோல்ட்டை 9 வோல்ட்டாக்கினால் மில்லிவோல்ட் மும்மடங்காகுமே, பிறகு என்ன கவலை என்று தோன்றும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. தெர்மிஸ்டர் வழியாகப் பாயும் மின்சாரமே அதைச் சுடவைக்கும். 3 வோல்ட்டில் கால் மில்லி ஆம்பியர் ஓடுகிறது. மணியில் எரியும் சக்தி 0.375 மில்லிவாட். அற்பம்தான். ஆனால் அசையாத காற்றில் தொங்கும் சிறு மணி, ஒரு மில்லிவாட்டுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி சூடாகும். ஆக, கருவி அறையின் சூட்டோடு தன் சொந்தக் காய்ச்சலாக 0.4 டிகிரியையும் சேர்த்துக் காட்டும். 9 வோல்ட்டில் இது ஒன்பது மடங்கு, மூன்று டிகிரிக்கு மேல்! 1 வோல்ட்டுக்கு இறக்கினால் 0.04 டிகிரிதான். நாக்கின் அடியிலோ தண்ணீரிலோ வைத்தால் சூடு உடனே வெளியேறுவதால் பிழை குறையும். அதனால்தான் ஒரே கருவி தண்ணீரில் சரியாகவும் காற்றில் தவறாகவும் காட்டும். இந்த நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சுலபமான சோதனை: பாலத்துக்குக் கொடுக்கும் வோல்டேஜைப் பாதியாக்குங்கள். வெளிவரும் மில்லிவோல்ட் சரியாகப் பாதியாக வேண்டும். வரவில்லையென்றால் மணி தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறது.

சரி, 1 வோல்ட்டே கொடுத்தோம். இப்போது டிகிரிக்குப் பத்து மில்லிவோல்ட்தான், பத்தில் ஒரு டிகிரிக்கு ஒரே ஒரு மில்லிவோல்ட். லாங்லி காலத்தில் கண்ணாடி தொங்கும் கால்வனோமீட்டரை வைத்து இருட்டறையில் ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நம் காலத்தில் அதற்கு விடை ஆப்-ஆம்ப். 1952இல் ஜார்ஜ் ஃபில்பிரிக்கின் நிறுவனம் வால்வுகள் வைத்த ஆப்-ஆம்ப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1968இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741 வந்தது. எட்டுக் கால் பூச்சி மாதிரி இருக்கும் அந்த 741ஐத் தொடாத எலக்ட்ரானிக்ஸ் ஆள் என் தலைமுறையில் இருக்க முடியாது. பாலத்தின் இரு புள்ளிகளை அதன் இரு காதுகளில் கொடுத்து வித்தியாசத்தை நூறு மடங்கு பெருக்கினால் டிகிரிக்கு ஒரு வோல்ட். சாதாரண மீட்டரே போதும்.

ஆனால் 741க்கும் ஒரு பிறவிக் குணம் உண்டு. இரண்டு காதிலும் ஒரே வோல்டேஜ் கொடுத்தாலும் தனக்கு ஒரு மில்லிவோல்ட் வித்தியாசம் தெரிவதாக அது நினைத்துக்கொள்ளும். நம் கணக்கில் ஒரு மில்லிவோல்ட் என்பது பத்தில் ஒரு டிகிரி. 1ஆம் காலுக்கும் 5ஆம் காலுக்கும் நடுவே ஒரு பொட்டன்ஷியோமீட்டர் போட்டு அதைத் திருகிப் பூஜ்யம் பண்ணலாம். பண்ணினோம். ஆனால் அறையின் சூடு மாறினால் அந்தப் பூஜ்யமும் மெல்ல நகரும். இப்போதைய மலிவுத் தெர்மாமீட்டர்கள் பலவற்றில் இந்தப் பெருக்கும் வேலையே இல்லை. ஒரு கெப்பாசிட்டரை ஒரு தடவை தெர்மிஸ்டர் வழியாகவும் ஒரு தடவை மாறாத ரெசிஸ்டர் வழியாகவும் நிரப்பி, இரண்டுக்கும் பிடித்த நேரத்தை எண்ணி ஒப்பிடுகிறார்கள். உள்ளே இருப்பது அதே விகிதச் சிந்தனைதான். கிறிஸ்டி எழுந்து வந்தாலும் புரிந்துகொள்வார்.

இப்போது வெளிச்சத்தின் பக்கம் வருவோம். போட்டோடயோடு தருவது தடை மாற்றம் அல்ல, மின்னோட்டம். மிகச் சிறியது. ஆக்ஸிமீட்டர் மாதிரிக் கருவியில் விரலைக் கடந்து வரும் வெளிச்சத்துக்கு ஒரு மைக்ரோ ஆம்பியர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓமின் விதிப்படி அதை ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரில் பாய்ச்சினால் ஒரு வோல்ட் கிடைக்க வேண்டும். கட்டிப் பார்த்தால் கிடைக்காது. அரை வோல்ட்டை நெருங்கும்போதே நின்றுவிடும். டயோடின் மேல் அந்த அளவு வோல்டேஜ் சேர்ந்ததும் அது தானே கடத்த ஆரம்பித்து, தான் உண்டாக்கிய மின்சாரத்தைத் தானே குடித்துவிடும். வேலியே பயிரை மேய்கிற கதை.

இதற்கும் ஆப்-ஆம்ப்தான் மருந்து. டயோடை அதன் மறிகாதில் இணைத்து, அந்த மெகா ஓமை வெளியீட்டிலிருந்து அதே காதுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆப்-ஆம்ப் தன் இரு காதுகளையும் ஒரே வோல்டேஜில் வைத்திருக்கவே பாடுபடும். அதனால் டயோடின் மேல் வோல்டேஜ் சேரவே விடாது. பூஜ்யத்திலேயே பிடித்து வைத்திருக்கும். டயோடு தரும் மின்சாரம் முழுக்க மெகா ஓம் வழியாகத்தான் போயாக வேண்டும். வெளியில் சரியாக ஒரு வோல்ட் நிற்கும்.

இதில் 741ஐப் போட்டால் வேறு தொல்லை. அதன் காதே 80 நானோ ஆம்பியர் குடிக்கும். மெகா ஓமில் அது 80 மில்லிவோல்ட் பொய். ஆகவே எஃப்.இ.டி. வகைக் காது உள்ள ஆப்-ஆம்ப்தான் இங்கே சரி. அடுத்தது, டயோடுக்கு உள்ளேயே இருக்கும் கெப்பாசிட்டரால் சுற்று தானாக ஊளையிட ஆரம்பிக்கும். மீட்டரில் அது தெரியாது. எண் மட்டும் தாறுமாறாக இருக்கும், கையைக் கிட்டே கொண்டுபோனால் மாறும். ஆஸிலோஸ்கோப்பில் கோடு தடித்துத் தெரிந்தால் இதுதான் காரணம். மெகா ஓமுக்குக் குறுக்கே 10 பிக்கோஃபாரட் போட்டால் அடங்கும்.

மூன்றாவது எதிரி நம் ஊர் மழைக்காலம். நான் பார்த்த ஓர் ஆலையில், ஐப்பசி வந்தாலே ஒளி அளக்கும் யூனிட் ஒன்று ஆளில்லாமலே அளவு காட்டும். போர்டில் சால்டரிங் பண்ணியபோது ஒட்டிய ஃப்ளக்ஸ் ஈரத்தை இழுத்து, பக்கத்துச் சப்ளைக் காலிலிருந்து காதுக்கு ஒரு கள்ளப்பாதை திறந்துவிட்டிருந்தது. அந்தப் பாதை ஆயிரம் மெகா ஓமாக இருந்தால்கூட 5 வோல்ட்டிலிருந்து 5 நானோ ஆம்பியர் கசியும். ஸ்பிரிட் தொட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்த்தி, வார்னிஷ் அடித்தோம், நின்றது. டயோடைக் கறுப்புத் துணியால் மூடியும் அளவு இறங்கவில்லையென்றால் கசிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆக்ஸிமீட்டர் பிறந்த விதத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்தில் டாக்குவோ அயோயாகி என்ற பொறியாளர், ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடலில் ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்க முயன்றார். நாடித் துடிப்பு அவருடைய வரைகோட்டை ஆட்டிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தை ஒழிக்க இரண்டு நிற ஒளியால் அளந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். லாங்லியின் இரண்டு தகடுகள் ஞாபகம் வருகிறதா? கழித்தல் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் ஆட்டம் திரும்ப வந்துவிட்டது, சமநிலை குலைந்தது. எரிச்சல்பட்டு விட்டுவிடாமல், குலைவதே ஆக்ஸிஜனை அளக்கும் வழி என்று அவர் பிடித்துக்கொண்டார். 1974இல் அதை வெளியிட்டார்.

நம் விரல்கவ்வியில் நடப்பது இதுதான். சிவப்பு விளக்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கும் மாறி மாறி மின்னும். இடையில் இரண்டும் அணைந்திருக்கும் கணத்தில் அறை வெளிச்சத்தை மட்டும் அளந்து கழித்துவிடும். சிவப்புக்கு மொத்தம் 1 வோல்ட், அதில் நாடியின் ஆட்டம் 10 மில்லிவோல்ட் என்றால் நூற்றுக்கு ஒன்று. அகச்சிவப்புக்கு மொத்தம் 2 வோல்ட், ஆட்டம் 40 மில்லிவோல்ட் என்றால் நூற்றுக்கு இரண்டு. ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை. அது ஏறக்குறைய முழு ஆக்ஸிஜன். இரண்டும் சமமாகி விகிதம் ஒன்று என்று வந்தால் ஆக்ஸிஜன் 85க்கு இறங்கிவிட்டது என்று பொருள். விரல் தடித்ததா, விளக்கு மங்கலா என்பதெல்லாம் வகுக்கும்போதே பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். விரல் குளிர்ந்திருந்தால் 10 மில்லிவோல்ட் ஆட்டம் ஒன்றிரண்டாகச் சுருங்கி, மேலே சொன்ன கசிவுக்கும் இரைச்சலுக்கும் நடுவே மூழ்கிவிடும். அதனால் கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்து, அசையாமல் அரை நிமிடமாவது வைத்திருந்த பிறகுதான் எண்ணைப் படிக்க வேண்டும். விகிதத்தை ஆக்ஸிஜனாக மாற்றும் அட்டவணை, ஆரோக்கியமான ஆட்களை வைத்துத் தயாரித்தது. 70க்குக் கீழே கருவி காட்டுவது நம்பத்தக்க அளவல்ல. 2020இல் அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து வந்த ஓர் ஆய்வு, கறுப்பின நோயாளிகளிடம் மறைந்திருந்த ஆக்ஸிஜன் குறைவைக் கருவி தவறவிட்டது வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. தோலின் நிறம் வகுத்தலில் முழுசாக அடிபடவில்லை. நம் ஊரில் மூச்சு வாங்கும்போது எண் 94 காட்டுகிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

அயோயாகி 2020 ஏப்ரலில் காலமானார். அந்த மாதம் உலகம் முழுவதும் மருந்துக் கடைகளில் அவருடைய கருவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.